ஒரே டியூப், ஒரே தண்ணீர், இரண்டு கோடுகள்

ஓர் அறையின் கதவு நிலைக்கு இடப்பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பென்சில் கோடுகள். கீழே இருந்தது கொத்தனார் போட்டது, மேலே இருந்தது தச்சர் போட்டது. இரண்டுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். இருவரும் கதவுக்கு வலப்பக்கம் இருந்த அதே முதல் குறியிலிருந்துதான் தொடங்கினார்கள். இருவர் கையிலும் அதே டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான குழாய்; அதே நீலத் தண்ணீர். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அறையைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓட வேண்டிய கோடு, சுற்றி முடித்து கதவுக்கு இந்தப் பக்கம் வரும்போது இரண்டாகப் பிரிந்திருந்தது.

லேசர் கருவி அன்று வேறு எங்கோ வேலையில் இருந்தது. இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. யார் கோடு சரி என்று பேச்சு வந்தபோது இருவரும் சொன்னது ஒரே வாசகம்: "தண்ணி பொய் சொல்லாதுப்பா." அது உண்மைதான். ஆனால் இரண்டு பேரும் அதே உண்மையைச் சொல்லி 8 மில்லி வித்தியாசத்தில் நிற்கிறார்களே, அதுதான் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் பொய் சொல்லவில்லை என்றால், அது என்னதான் சொல்கிறது? நாம் என்ன சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்?

அறையைப் பற்றி இரண்டு வரி. நீளம் 6 மீட்டர், அகலம் 4 மீட்டர், குட்டையான சுவர் ஒன்றின் நடுவில் கதவு. கதவுக்கு வலப்பக்கம் 1 என்ற குறி. அங்கிருந்து சுவர்களை ஒட்டிச் சுற்றிப் போய், கதவுக்கு இடப்பக்கம் 8 என்ற குறியில் முடியும். ஒன்றுக்கும் எட்டுக்கும் இடையில் கதவு மட்டும்தான்.

தண்ணீர் சொல்வது ஒன்றே ஒன்று

டியூப் லெவலில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி, அதன் தண்ணீருக்கு நிலையான உயரம் என்று எதுவும் கிடையாது. இரு முனையும் திறந்திருந்தால், நடுவில் தடையில்லாமல் தண்ணீர் தொடர்ந்து இருந்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் இந்த நொடியில் ஒரே மட்டத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் அதன் சேதி. அடுத்த நொடியில் ஒருவர் தன் முனையைக் கொஞ்சம் தூக்கினால் இரண்டு பக்கமும் மட்டம் மாறிவிடும். மாறிய பிறகும் இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாகவே இருக்கும், ஆனால் முன்பு இருந்த உயரத்தில் இருக்காது.

எவ்வளவு மாறும் என்பதற்கும் கணக்கு உண்டு. தரையில் கிடக்கும் குழாயிலிருந்து ஒரு முனையை 12 மில்லி மேலே தூக்கினால், தரையில் கிடந்த 12 மில்லி நீளக் குழாய் செங்குத்தாகிறது. அதிலிருந்த தண்ணீர் இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரிந்துகொள்ளும். ஆக சுவரை வைத்துப் பார்த்தால் இரு முனையிலும் தண்ணீர் 6 மில்லி ஏறியிருக்கும். தூக்கியவர் தன் குழாயைப் பார்த்தால் தண்ணீர் 6 மில்லி இறங்கியதுபோல் தெரியும், ஏனென்றால் குழாயே 12 ஏறிவிட்டது. இது தெரியாமல்தான் "ஏத்து... போதும், இறக்கு... அய்யோ ரொம்ப இறங்கிடுச்சு" என்று இரண்டு பேர் அறையின் இரு மூலையில் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். தெரிந்தவர் சுருக்கமாகச் சொல்வார்: முதல் குறியில் தண்ணீர் 6 கீழே நிற்கிறதா, அந்தப் பக்கம் 12 தூக்கு.

ஆகவே அறையின் உயரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், சுவரில் பென்சிலால் போட்ட முதல் குறியில் இருக்கிறது. தண்ணீரில் இல்லை. ஒவ்வொரு புதுக் குறி போடும்போதும், ஒரு முனையின் தண்ணீர் முதல் குறியைத் தொட்டு நிற்கும்படி மறுமுனையை ஏற்றி இறக்க வேண்டும். தொட்டு நிற்கும் அந்த நேரத்தில், மறுமுனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு. "முதல்ல பாத்தப்ப சரியா இருந்துச்சு" என்பது இங்கே செல்லாது. நடுவில் யாராவது குழாயை மிதித்திருந்தாலோ, இரண்டு சொட்டு சிந்தியிருந்தாலோ, அந்தப் பழைய மட்டம் போனது போனதுதான்.

ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். பன்னிரண்டு மீட்டர் குழாயில் உள்ள தண்ணீர், முனையை அசைத்ததும் மேலும் கீழும் ஊசலாடும். ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 5 வினாடி. மேலே போய்த் திரும்பும் நொடியில் அது அசையாமல் நிற்பதுபோல் தோன்றும், அவசரக்காரர்கள் அங்கேதான் பென்சிலை வைப்பார்கள். 8 மில்லி உள்விட்டமுள்ள குழாயில் அரை நிமிடம் விட்டால் ஆட்டம் அரை மில்லிக்குள் வந்துவிடும். அகலமான குழாய் இன்னும் நெடுநேரம் ஆடும். மெல்லிய குழாய் சீக்கிரம் அடங்கும். அதனால்தான் மெல்லிய குழாய் மேல் பலருக்குப் பிரியம். அந்தப் பிரியத்துக்கு ஒரு விலை உண்டு, அதற்குத்தான் வருகிறேன்.

குமிழி

எட்டு மில்லி எங்கிருந்து வந்தது என்று தேட முதலில் எல்லாரும் செய்யும் சோதனையைச் செய்தோம். இரு முனையையும் கதவருகே கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். தண்ணீர் இரண்டிலும் அச்சாக ஒரே மட்டம். "பாத்தியா, டியூப்புல ஒண்ணும் இல்ல" என்றார் தச்சர். கொத்தனாரும் தலையாட்டினார். சோதனை அத்தோடு முடிந்திருந்தால், யாருக்குக் குரல் பெரிதோ அவர் கோடு நின்றிருக்கும்.

நான் முதல் குறியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையைத் தச்சர் போட்ட ஒவ்வொரு குறிக்கும் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் ஒரு மில்லிக்குள் சரி. ஐந்தாவது குறி 8 மில்லி மேலே. ஆறாவது 8. ஏழாவது 9. எட்டாவது 8. இந்த எண்களைப் பார்த்த பிறகுதான் கதை புரிய ஆரம்பித்தது. பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரவில்லை. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரே தாவலாக வந்து, பிறகு அப்படியே கூடவே நடந்திருக்கிறது. தச்சர் வேலை செய்த விதம் அதற்கு இடம் கொடுத்தது. அவர் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு என்று பக்கத்துக் குறியிலிருந்து பக்கத்துக் குறிக்கு நகர்ந்திருக்கிறார். ஐந்தாவது தவறாகப் போனதும், ஆறு அதைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டது, ஏழு ஆறைப் பார்த்து. கொத்தனார் ஒவ்வொரு குறியையும் முதல் குறியிலிருந்தே எடுத்திருந்தார்.

சரி, அந்தத் தாவல் ஏன்? நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே சுவரோரம் ஒரு பலகை அடுக்கு இருந்தது, முழங்கால் உயரத்துக்கும் குறைவு. கொத்தனார் கோடு போட்டபோது அது அங்கே இல்லை. தச்சர் போட்டபோது குழாய் அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குழாய் எவ்வளவு ஏறி இறங்கினாலும் கவலையில்லை என்பதுதான் நாம் படித்தது, அதுவும் சரிதான். ஆனால் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிக்கொண்டே பார்த்துவந்தபோது, தரையில் கிடந்த பகுதியில் ஒரு குமிழி. குழாயின் உள்வாயை முழுக்க அடைத்துக்கொண்டு, சுண்டுவிரல் நகம் அளவு நீளத்தில். நடுவில் தண்ணீர் கொஞ்சம் சிந்தியதால் புட்டியிலிருந்து மேலே ஊற்றி நிரப்பினோம் என்று உதவிக்கு வந்த பையன் சொன்னான். அப்படி ஊற்றும்போது காற்றையும் சேர்த்தே ஊற்றுகிறோம்.

பையனை விட்டு குழாயை மறுபடி பலகை அடுக்கின்மேல் போடச் சொன்னேன். குமிழி இருந்த இடம் அடுக்கின் பக்கவாட்டில் செங்குத்தாக ஏறும் பகுதியில் வந்து நின்றது. நாலாவது குறியில் தண்ணீரைத் தொட்டு நிறுத்தினோம். ஐந்தாவதில் தண்ணீர் தச்சர் போட்ட கோட்டில் போய் நின்றது. குழாயை அடுக்கிலிருந்து இறக்கித் தரையில் படுக்க வைத்து, அதே இரண்டு இடத்தில் பிடித்தோம். எட்டு மில்லி காணாமல் போனது. தச்சர் ஒன்றும் பேசவில்லை, குனிந்து அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் எளிது. தண்ணீரில் கீழே போகப் போக அழுத்தம் கூடும், மேலே வர வரக் குறையும். அந்தக் கூடுதலும் குறைவும் இரு பக்கமும் சரியாகக் கழிந்துபோவதால்தான் மட்டம் ஒன்றாக நிற்கிறது. குமிழிக்குள் இருப்பது காற்று, அதற்கு எடையே இல்லை எனலாம். அதன் அடியிலும் தலையிலும் அழுத்தம் ஒன்றே. ஆக 8 மில்லி உயரமுள்ள குமிழி செங்குத்தான பகுதியில் நின்றால், அந்த 8 மில்லிக்குத் தண்ணீர் இல்லாத குறையை அந்தப் பக்கத்து மட்டம் 8 மில்லி உயர்ந்து ஈடுகட்டும். அதே குமிழி தரையில் படுத்துக் கிடந்தால் அதற்கு உயரம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, மட்டமும் கெடாது. முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்ததும் இதனால்தான். அந்தச் சோதனையில் குமிழி தரையில் படுத்திருந்தது. சோதனையே தப்பு என்று சொல்லவில்லை, சுவரோரம் தொங்கும் இரண்டு கால்களிலும் காற்று இல்லை என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. அதோடு குழாய் முழுவதையும் கண்ணால் ஓட்டிப் பார்த்தால்தான் சோதனை முழுமையாகும்.

இன்னொன்று. உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடுகளவுக் குமிழிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவற்றைச் சுற்றித் தண்ணீர் தொடர்ந்து ஓடுகிறது, அதனால் மட்டம் மாறாது. வாயை முழுக்க அடைக்கும் குமிழிதான் ஆபத்து. அந்தக் கடுகுகள் சேர்ந்து அப்படி ஒன்றாகும் வாய்ப்பு உண்டு என்பதால் மட்டுமே அவற்றை விரட்ட வேண்டும்.

இப்போது மெல்லிய குழாயின் விலை. அன்று எங்கள் கையில் இருந்தது சுமார் 5 மில்லி உள்விட்டம். அந்த அளவிலும் அதற்குக் கீழும் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாயை அடைத்த குமிழி செங்குத்தான குழாயில்கூட மேலேறாமல் அப்படியே நிற்கும். முனையைத் தூக்கிப் பிடித்தால் காற்று தானாக மேலே வந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது வீண். 8 மில்லிக் குழாயில் குமிழி மெதுவாகவாவது மேலே ஊர்ந்து வெளியேறும், 10-இல் இன்னும் எளிதாக வரும். மெல்லியது சீக்கிரம் அடங்குகிறது, சுருட்டி எடுத்துப்போகவும் லேசு. ஆனால் காற்றை விடாது. என் கணக்கில் 8-க்குக் கீழே போகத் தேவையில்லை.

நிரப்பும் விதத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். புனல் வைத்து ஊற்றக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை உயரத்தில் வைத்து, குழாயின் ஒரு முனையை அடியில் அமிழ்த்தி, மறுமுனையைக் கீழே கொண்டுவந்து உறிஞ்சி ஓடவிட வேண்டும். குழாய் முழுவதும் காற்றில்லாமல் ஓடும்வரை கீழ்முனையில் தண்ணீரை வெளியேற விட்டு, பிறகு இரு முனையையும் தூக்க வேண்டும். முதல் நாளே பிடித்துவைத்து அமைதியாக நின்ற தண்ணீர் என்றால் நல்லது, கரைந்திருக்கும் காற்றில் ஒரு பங்கு அதற்குள் பிரிந்து போயிருக்கும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, ஒட்டிக்கொள்ளும் குமிழிகளை விடுவிக்கும். அதற்கு மேல் ஊற்றினால் நுரைதான் மிஞ்சும்.

முதல் குறியைப் பிடித்துக்கொள்வது

எல்லாக் குறிகளையும் முதல் குறியிலிருந்தே எடுக்கும் கொத்தனார் முறைக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. அதிலும் பிழை வரும். ஆனால் ஒரு குறி கெட்டால் அந்த ஒன்று மட்டும்தான் கெடும். நூல் அடித்தவுடன் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அடுத்தடுத்து நகரும் முறையில் கெட்ட குறியைத் தொடர்ந்து வரும் எல்லாமே ஒழுங்காகத் தெரியும். கோடு நேராக ஓடும், அழகாக இருக்கும், எட்டு மில்லி மேலே இருக்கும். சுற்றி முடித்து முதல் குறிக்கே திரும்பி வந்து பார்த்தால் மட்டும் மாட்டிக்கொள்ளும். தச்சர் எட்டோடு நின்றுவிட்டார், ஏனென்றால் அடுத்தது கதவு, அங்கே கோடு தேவைப்படவில்லை. தேவையில்லாத அந்த ஒரு தாவலைத்தான் கட்டாயம் செய்திருக்க வேண்டும்.

அப்படித் திரும்பி வந்து பிழை தெரிந்தபின், அதை எல்லாக் குறிகளுக்கும் பகிர்ந்துவிடும் ஒரு வழக்கம் உண்டு. எட்டு மில்லியா, குறிக்கு ஒரு மில்லி என்று. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பிழை சிறுகச் சிறுகச் சேர்ந்தது என்றால் பகிரலாம். எங்களுடையதைப்போல ஒரே இடத்தில் தாவியது என்றால், பகிர்ந்ததும் சரியாக இருந்த நான்கு குறிகளும் கெட்டுப்போகும். முதலில் எங்கே தாவியது என்று தேட வேண்டும்.

முதல் குறியிலிருந்தே எடுக்கக் குழாய் நீளமாக இருக்க வேண்டும். 6-க்கு 4 அறையில் மூலைக்கு மூலை குறுக்கே 7.2 மீட்டர். இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் தொங்கும் கால்கள், அதற்கு ஒரு 2.6. குறுக்கே போட வழியில்லாமல் சுவரோரமாகவே போக வேண்டும் என்றால் 10 மீட்டரும் அந்த 2.6-ம். பதினான்கு மீட்டர்க் குழாய் இருந்தால் இந்த அறையில் எதற்கும் தடுமாற வேண்டியதில்லை.

குழாய் எட்டாத பெரிய கூடமாக இருந்தால் நகர்ந்துதான் ஆக வேண்டும். அப்போதும் எப்படி நகர்வது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரு முனைகளுக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம். ஒரு முனையின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, மறுமுனை சுத்தம் என்றால், தண்ணீர் ஓரத்தில் ஏறி நிற்கும் அளவு மாறும், ஒரு மில்லி வித்தியாசம் சாதாரணமாக வரும். பின்முனை எப்போதும் பின்முனையாகவும் முன்முனை எப்போதும் முன்முனையாகவும் கம்பளிப்பூச்சிபோல் நகர்ந்தால், அந்த ஒரு மில்லி ஒவ்வொரு தாவலிலும் ஒரே பக்கமாகச் சேரும், எட்டுத் தாவலில் எட்டு. அதற்குப் பதிலாக, முன்முனையை வைத்த குறியிலேயே விட்டுவிட்டு, பின்னால் இருந்தவர் அவரைத் தாண்டி அடுத்த குறிக்குப் போக வேண்டும். ஒரு தாவலில் கூடியது அடுத்த தாவலில் கழியும். தாவல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் முழுக்கக் கழிந்துவிடும்.

தனியாக வேலை செய்பவருக்கு ஒரு வாளி போதும். ஒரு முனையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கல் கட்டி நிறுத்தி, வாளியை ஒரு முக்காலியில் கோட்டின் உயரத்துக்குப் பக்கமாக வைத்துவிட்டால், மறுமுனையோடு நாமே சுற்றி வரலாம். 25 சென்டிமீட்டர் அகல வாளியில், 8 மில்லிக் குழாயின் முனையை 10 சென்டிமீட்டர் தூக்கி இறக்கினாலும் வாளியின் மட்டம் 0.1 மில்லிதான் அசையும். ஆக பாதிப்பாதிக் கணக்கே இங்கே இல்லை. ஆனால் ஐம்பது மில்லிலிட்டர் சிந்தினால் ஒரு மில்லிமீட்டர் போய்விடும். எனவே தொடங்கும்போது முதல் குறியில் தண்ணீர் எங்கே நின்றது என்று குறித்துவைத்து, முடிக்கும்போது மறுபடி அங்கேயே வந்து பார்க்க வேண்டும். முதல் குறியையும் குழாய் முனையால்தான் பார்க்க வேண்டும், வாளியின் மட்டத்தை ரசமட்டம் வைத்துச் சுவருக்குக் கொண்டுபோகக் கூடாது. குழாய்க்குள் தண்ணீர் வாளியைவிடச் சற்று ஏறியோ இறங்கியோ நிற்கக்கூடும். எல்லாக் குறியும் அதே முனையால் போட்டால் அந்த வித்தியாசம் எல்லாவற்றுக்கும் பொது, தொல்லை இல்லை.

வெயில்

ஏழாவது குறி 9 காட்டியதை நான் மறக்கவில்லை. ஒரு மில்லி என்பது படிக்கும்போது வரும் வித்தியாசம்தான் என்று விட்டுவிடலாம். குழாய் சுவரை ஒட்டி இருந்தாலும் உள்ளே தண்ணீரின் நடுப்பகுதி சுவரிலிருந்து ஆறேழு மில்லி தள்ளித்தான் இருக்கும். அரை மீட்டர் தூரத்தில் நின்று, கண்ணைப் பத்து சென்டிமீட்டர் மேலே வைத்துக்கொண்டு பார்த்தால், கோடு ஒரு மில்லிக்கு மேல் கீழே விழும். குனிந்து, கண்ணும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் வரும்படி, குழிந்த மேற்பரப்பின் அடியைப் பார்த்துக் கோடு போட வேண்டும். இரண்டு முனையிலும் அதே அடி.

ஆனால் அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தது, மதிய வெயில் குழாயின் கால்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரும் 40 டிகிரியில் இருக்கும் தண்ணீரும் ஒரே எடை இல்லை. ஒரு மீட்டர் உயரத் தூணில் இந்தப் பத்து டிகிரிக்கு மட்டமே ஏறத்தாழ 3 மில்லி மாறும், சூடான பக்கம் உயர்ந்து நிற்கும். தரையில் படுத்திருக்கும் பகுதி சூடானால் ஒன்றும் ஆகாது, செங்குத்தாக நிற்கும் கால்தான் கணக்கு. குழாய் வெயிலில் கிடந்திருந்தால் எடுத்து நிழலில் போட்டு, ஒருமுறை தண்ணீரை இப்படியும் அப்படியும் ஓடவிட்டுக் கலந்த பிறகு பார்ப்பதுதான் உத்தமம். அல்லது அந்தச் சுவரைக் காலையிலேயே முடித்துவிடலாம்.

கோட்டிலிருந்து தரைக்கு

கோடு போடுவதே அதிலிருந்து தரையை அளக்கத்தான். கொத்தனாரின் கோட்டிலிருந்து கீழே டேப் பிடித்தபோது எட்டுக் குறிகளிலும் கிடைத்தவை வரிசையாக 1000, 997, 1003, 1009, 1012, 1006, 998, 1000 மில்லி. எண் சிறிதாக இருக்கும் இடத்தில் தரை மேடு, பெரிதாக இருக்கும் இடத்தில் பள்ளம். மேடு இரண்டாவது குறியில், கதவடியைவிட 3 மில்லி உயரம். பள்ளம் ஐந்தாவதில், 12 மில்லி ஆழம். 10 மில்லி டைல், அதன் அடியில் குறைந்தது 5 மில்லி ஒட்டுக்கலவை என்று வைத்தால், மேட்டில் 997-இலிருந்து 15 கழித்து, டைலின் மேல்மட்டம் கோட்டுக்குக் கீழே 982-இல் வரவேண்டும்.

தச்சரின் கோட்டை நம்பியிருந்தால் ஐந்து முதல் எட்டு வரையிலான தரை 8 மில்லி கூடுதலாகப் பள்ளம்போல் தெரிந்திருக்கும். ஐந்தாவதில் 1020, எட்டாவதில் 1008. நாங்கள் அங்கே கலவையைக் கூடுதலாகக் கொட்டி, தரையை 8 மில்லி உயர்த்தியிருப்போம். கதவடியில், ஒன்றாம் குறிக்கும் எட்டாம் குறிக்கும் நடுவே, காலில் தட்டும் அளவுக்கு ஒரு படி வந்திருக்கும்.

சுவரோர எண்கள் அறையின் நடுவைக் காட்டாது. எதிரெதிர்ச் சுவர்களின் கோட்டுக்குக் கோடு நூலை இழுத்துக் கட்டி நடுவிலும் அளந்தோம். நூல் நன்றாக இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், தொய்ந்தால் தரை இல்லாத மேட்டைக் காட்டும். நடுவில் 993 வந்தது. ஆக உண்மையான மேடு மூலையில் இல்லை, நடுவில் இருந்தது. மேல்மட்டத்தை 982-இலிருந்து 978-க்குக் கொண்டுபோனோம். அப்படியானால் ஐந்தாவது குறியில் டைலுக்குக் கீழே 24 மில்லி நிரப்ப வேண்டும். அவ்வளவு தடிமனை ஒட்டுக்கலவையால் போட முடியாது. அந்த மூலையை மட்டும் முதலில் சிமென்ட் கலவையால் உயர்த்தி, காய விட்டு, அதன்பிறகுதான் டைல் வேலை தொடங்கியது.